டிபன் பாக்ஸும் நாலு கட்டமும்

ஜூன் 7, சனி

சைக்காலஜிஸ்ட் மேடம் இன்று ஒரு வெள்ளைத் தாளில் நாலு கட்டம் போட்டார். எண்ணம், உணர்ச்சி, உடம்பு, நடத்தை. ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்கு அம்புக்குறி. கட்டங்களுக்கு மேலே ‘சூழ்நிலை’ என்று எழுதிவிட்டு, “இந்த வாரத்துல மனசு கஷ்டப்பட்ட ஒரு நிமிஷத்தைச் சொல்லுங்க. முழு நாளும் வேண்டாம்” என்றார்.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. புதன்கிழமை மத்தியானம் லஞ்ச் ரூம் கதவைத் திறந்தேன். டெஸ்பாட்ச் அக்காவும் பில்லிங்கில் இருக்கும் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தவர்கள், சட்டென்று நிறுத்திவிட்டார்கள். நான் ஃப்ரிட்ஜிலிருந்து தயிர் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கே திரும்பி வந்து தனியாகச் சாப்பிட்டேன்.

சூழ்நிலை என்ற இடத்தில் ‘என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதப் போனேன். மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “அங்க ஒரு கேமரா இருந்திருந்தா, அதுல இது விழுந்திருக்குமா?”

விழுந்திருக்காது. கதவு திறந்தது, பேச்சு நின்றது, மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவுக்குத் தெரிவது இவ்வளவுதான். மற்றது முழுக்க எண்ணக் கட்டத்துக்குப் போயிற்று: ‘என்னைப் பற்றித்தான் பேச்சு. இங்கே யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை.’ அதை எவ்வளவு நம்புகிறேன் என்று நூற்றுக்கு மார்க் போடச் சொன்னார். 85 போட்டேன். உணர்ச்சியில் அவமானம் 70, வருத்தம் 60. உடம்பில், முகம் சூடானது, தொண்டை அடைத்தது. நடத்தையில், தயிர் டப்பாவோடு ஓட்டம்.

ஜூன் 8, ஞாயிறு

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று இன்று கொஞ்சம் படித்தேன். சிபிடி என்கிற அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஆரன் பெக். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த மனநல மருத்துவர். ஆரம்பத்தில் ஃபிராய்டு வழியில் வைத்தியம் பார்த்தவர். நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லும் கதைக்கு அடியில் இன்னொரு பேச்சும் ஓடுகிறது என்று 1960களில் அவர் கவனித்தார். தன் அந்தரங்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண் பதற்றமாக இருந்தார். சொல்லும் விஷயம்தான் காரணம் என்று பெக் நினைத்தார். விசாரித்தால், ‘டாக்டருக்கு நான் பேசுவது அலுப்பாக இருக்கிறது’ என்ற எண்ணம்தான் அந்தப் பதற்றத்துக்குக் காரணமாம்.

அழைக்காமலே மின்னலடித்துப் போகும் இந்த மாதிரி எண்ணங்களை ‘தானியங்கி எண்ணங்கள்’ என்றார். அவை வந்தது தெரியாது, விட்டுப்போன உணர்ச்சிதான் தெரியும். அதனால்தான் மேடம் உணர்ச்சி ஏறிய நிமிஷத்தைப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போகச் சொல்கிறார் போலிருக்கிறது.

எதிரே இருப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்காமலே முடிவு கட்டுவது எனக்கு மட்டுமான வியாதி இல்லை என்பதில் ஒரு அல்ப நிம்மதி.

ஜூன் 11, புதன்

தாளில் நான் அலட்சியமாக விட்டது நடத்தைக் கட்டத்தைத்தான். மனசு கஷ்டப்பட்டால் ஒதுங்குவது இயல்பு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இந்த வாரம் பார்த்தால், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் தொண்டை அடைப்பு விட்டுவிடுகிறது. அந்த நிம்மதிதான் மறுநாளும் என்னை ஒதுங்க வைக்கிறது. ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்? மாற்றலாகி வந்த ஒருத்தி, எட்டிப் பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். ‘அவங்களுக்கு நம்மகூட உக்காரப் பிடிக்கலை போல’ என்று நினைக்க அவர்களுக்கும் உரிமை உண்டு. கூப்பிடுவதை நிறுத்துவார்கள். கூப்பிடவில்லை என்பதை நான் ‘யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை’ என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

ஆக, எண்ணம் நடத்தையைக் கிளப்புகிறது, நடத்தை அந்த எண்ணத்துக்குச் சாட்சி தயார் செய்கிறது. எண்ணம் பொய்யாகவே இருந்தாலும் ஆறு மாதத்தில் நிஜமாகிவிடும்.

ஜூன் 14, சனி

இரண்டு பத்தி போட்டு ஆதாரம் எழுதினோம். எண்ணத்துக்கு ஆதரவாக: பேச்சு நின்றது, போன வாரம் டீ குடிக்கப் போனபோது கூப்பிடவில்லை. எதிராக: ஜாயின் செய்த முதல் வாரம் டெஸ்பாட்ச் அக்காதான் சாப்பிடக் கூப்பிட்டார், நான்தான் வேலை இருக்கிறது என்றேன். பில்லிங் பெண் ஒருத்தி என்னிடம் ஊறுகாய் எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறாள். ‘அவர்கள் முகம் ஒரு மாதிரி இருந்தது’ என்று சேர்க்கப் பார்த்தேன். அது கேமராவில் விழாத சரக்கு என்று மேடம் அடித்துவிட்டார்.

எழுதி முடித்ததும் நம்பிக்கை 85லிருந்து 65க்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. “தாள்ல இவ்வளவுதான் இறங்கும். மீதிக்குப் போய்ப் பாத்துடணும்” என்றார் மேடம்.

போய்ப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எது நடந்தாலும் ‘நான் நினைச்ச மாதிரியே ஆச்சு’ என்று மனசு கணக்கை மாற்றிவிடும். எழுதினேன்: ‘நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பத்து நிமிஷத்துக்குள் எழுந்து போய்விடுவார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.’

அடுத்து, “போன் எங்க இருக்கும்?” என்று கேட்டார். கையில்தான், பேச்சு நின்றால் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அதைப் பாதுகாப்பு நடத்தை என்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் பேச மாட்டார்கள். தப்பித்தவறிப் பேசினாலும், போன் இருந்ததால் சமாளித்தேன் என்றுதான் தோன்றும். சோதனையே வீண். போன் டிராயரில் இருக்கும் என்று முடிவாயிற்று.

ஒரு சந்தேகம் கேட்டேன்: நிஜமாகவே என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றால்? அப்போது எண்ணத்தைத் திருத்தும் வேலையே கிடையாது என்றார். யாரோடு பேசுவது, யாரிடம் புகார் சொல்வது என்று நிலைமையைச் சமாளிக்கும் வேலை தொடங்கும். ஆபீஸில் ஒருவரை நிஜமாகவே நோகடித்தால், அதைப் ‘பாசிட்டிவாக நினை’ என்று மூடிமறைப்பதற்கு இந்தத் தாள் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது, அப்படியே. டெஸ்பாட்ச் அக்கா, “உக்காருங்க, வெண்டைக்கா புளிக்குழம்பு இருக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அரை நிமிஷத்தில் பழைய பேச்சு தொடர்ந்தது. சீட்டுப் பணம் கட்டாமல் இழுத்தடிக்கும் யாரோ ஒரு சொந்தக்காரரைப் பற்றி. கதவு திறந்தால் மேனேஜராக இருக்குமோ என்று எல்லாருமே வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்குப் பிறகு ஸ்டோர்ஸ் பையன் வந்தபோதும் அதேதான் நடந்தது.

பத்து நிமிஷத்தில் யாரும் எழவில்லை. என் பெண் எந்த ஸ்கூலில் படிக்கிறாள் என்று கேட்டார்கள். தொண்டை அடைப்பு மட்டும் முதல் சில நிமிஷங்கள் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், தானாக விட்டது.

பில்லிங்கில் மூத்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

தாளின் கடைசிப் பத்தியை இன்று நிரப்பினேன். மாற்று எண்ணம்: ‘கதவு திறந்தால் இங்கே யார் வந்தாலும் பேச்சு நிற்கும். இரண்டு பேர் என்னிடம் சகஜமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு என்னைப் பிடிக்காமல் இருக்கலாம், ஏன் என்று தெரியாது.’ ‘எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்’ என்று எழுதியிருந்தால் என்னாலேயே நம்ப முடிந்திருக்காது. பழைய எண்ணத்தின் மேல் நம்பிக்கை இப்போது 30. அவமானம் 20. வருத்தம் 35லேயே நிற்கிறது, அந்த மூத்தவளின் உபயம்.

அடுத்த தாள் அவளுக்காக. சூழ்நிலை மட்டும் எழுதியாயிற்று: ‘நான் பேசும்போது அவள் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.’ எண்ணக் கட்டத்தில் எழுத எனக்கு நிறைய இருக்கிறது. சனிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும்.