பென்சன் வந்துவிட்டதா?

ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதியை ஒட்டி உவர்மலையிலிருந்து ஓட்டோ பிடித்து வங்கிக்குப் போவேன். வரிசையில் நின்று பாஸ் புத்தகத்தில் வரி அடிப்பித்துக்கொண்டு திரும்புவேன். பென்சன் விழுந்ததா என்று பார்க்க மட்டும் அரை நாள். போன மழைக்கு முழங்கால் வீங்கியபோது பேத்திதான், "அம்மப்பா, வங்கிச் செயலியை இறக்கித் தாறன், வீட்டில இருந்தே பாருங்கோ" என்றாள்.

முதல் நாளே சிக்கல். கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டது. கொடுத்தால் விபரம் பொருந்தவில்லை என்றது. மூன்று தரம் அடித்தோம், மூன்று தரமும் அதே பதில். நான்காவது தரம் அடிக்க விடவில்லை நான். தொடர்ந்து பிழையாக அடித்தால் பூட்டிவிடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

காரணம் என் பர்சுக்குள் இருந்தது. கணக்குத் திறந்த காலத்தில் என்னிடம் இருந்தது ஒன்பது இலக்கமும் V எழுத்தும் கொண்ட பழைய அட்டை. பிறகு எடுத்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். வங்கியில் பழையதே கிடக்க, நான் புதியதை அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைக் கடதாசியில் எழுதிப் பார்த்தால் தெரியும். ஒரு உதாரணம் (என்னுடைய இலக்கம் அல்ல):

```
521234567V
195212304567
```

முன்னால் 19 சேர்த்தால் 1952 என்ற பிறந்த ஆண்டு. அடுத்த 123 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, அதாவது மே 2. பெண்களுக்கு இந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். அதன்பின் ஒரு 0 நுழைகிறது, மீதி அப்படியே, V போய்விடுகிறது. இதைப் பேத்திக்கு விளக்கியபோது என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். அரசாங்க அலுவலகத்தில் 33 வருடம் பதிவேடு நிரப்பினவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

சரி, பழைய இலக்கத்தை அடித்தோம். ஏற்றுக்கொண்டது. அடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தைக் கேட்டது. செய்தி வரவில்லை. ஐந்து நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகுதான் புரிந்தது: வங்கியிடம் இருந்தது எப்போதோ தொலைத்த சிம்மின் நம்பர். அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ! இதை வீட்டிலிருந்து திருத்த வழியில்லை. அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளைக்கே போய்ப் படிவம் நிரப்பினேன். "ஐயா, அடையாள அட்டை இலக்கத்தையும் இப்பவே மாத்திவிடுவம்" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. இரண்டு வேலையும் ஒரே நடையில் முடிந்தது.

இரண்டு நாள் கழித்துச் செயலி திறந்தது. மீதியைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. நான் மனதில் வைத்திருந்த கணக்கை விட 1,200 ரூபாய் குறைவு. பென்சனில் வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பேத்தி கொடுக்கல் வாங்கல் பட்டியலைத் திறந்து காட்டினாள். ஒரு வரியில் CR, இன்னொரு வரியில் DR.

இங்கேதான் என் பழைய உத்தியோகம் காலை வாரியது. காசேட்டில் காசு வந்தால் DR, அதாவது டெபிட் பக்கம், எழுதிப் பழகினவன் நான். அதனால் DR வரிதான் பென்சன் என்று தேடினேன். வங்கியோ தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது. என் பணம் அதற்குக் கடன், ஆகவே எனக்கு வந்தது CR, அதாவது கிரெடிட். அதைத் தலையில் திருப்பிப் போட்டதும் எல்லாம் நேரானது. பென்சன் முழுத்தொகையும் ஒரே வரியில் CR ஆக வந்திருந்தது. வங்கி அட்டையின் வருடாந்தக் கட்டணம் தனி வரியில் DR ஆகப் போயிருந்தது. கழித்துப் பார்த்தேன், சரியாக 1,200.

ஆக, மொத்த மீதியைப் பார்த்துப் பென்சன் கூடியது குறைந்தது என்று சொல்ல முடியாது. பென்சன் விழுந்த வரியைத் தேடிப் போன மாதத்து வரியோடு ஒப்பிட வேண்டும். வரியே இல்லையென்றால், ஏன் வரவில்லை என்பது செயலிக்குத் தெரியாது. உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்காததா, வேறு காரணமா என்று பிரதேச செயலக ஓய்வூதியக் கிளையில்தான் கேட்கலாம். ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970க்கும் அழைக்கலாம்.

போன மாதம் 10ஆம் திகதி காலை, தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு நண்பர் ஓட்டோவுக்குக் காத்து நின்றார். "உங்கட அட்டை பழசோ புதுசோ?" என்று கேட்டேன். "ரெண்டும் கிடக்குது, ஏன்?" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.