ஆறு மடங்கு விலை, கைக்கு வந்த தொகை: எங்கள் மாவுத் தொழிற்சாலையை விற்ற கதை

அப்பாவும் சித்தப்பாவும் 27 வருடம் நடத்திய இட்லி மாவுத் தொழிற்சாலையை விற்றுவிட்டோம். சிங்கப்பூரின் செனோக்கோவில் வாடகை இடம், 70 பேர் வேலை, பேரங்காடிகளுக்கும் உணவகங்களுக்கும் தினமும் மாவு போகும். அப்பாவுக்கு 60 விழுக்காடு பங்கு, சித்தப்பாவுக்கு 40. கணக்கு என் பொறுப்பு. அதனால் விற்பனைப் பேச்சு முழுவதும் என் மேசை வழியாகத்தான் போனது. சொந்தத் தொழிலை விற்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்க வந்தது ஓர் உணவு விநியோகக் குழுமம். அவர்களுடைய முதல் கடிதத்தில் விலை பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஈபிட்டாவின் 6 மடங்கு, ரொக்கமும் கடனும் நீங்கலாக, வழக்கமான நடைமுறை மூலதனத்துடன். ஈபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம். எங்கள் கணக்கில் அது 1.5 மில்லியன் வெள்ளி. சித்தப்பா உடனே கைப்பேசியில் பெருக்கினார். "ஒன்பது மில்லியன். என் பங்கு மூணு புள்ளி ஆறு. சரிதானேம்மா?"

சரியில்லை. ஆனால் அந்த இரவு அதை அவரிடம் விளக்க எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் எங்கள் கணக்காளர்தான் புரிய வைத்தார். வீவக வீட்டை 6 லட்சம் வெள்ளிக்கு விற்றால், வங்கிக்கு இன்னும் கட்ட வேண்டியது போக மீதிதானே நம் கைக்கு வரும்? அதே மாதிரி 9 மில்லியன் என்பது தொழிலின் மொத்த விலை, அதாவது நிறுவன மதிப்பு. அதில் கடன் கொடுத்தவர்களின் பங்கும் அடக்கம். கடனைக் கழித்து, கையிருப்பு ரொக்கத்தைக் கூட்டினால் வருவதுதான் பங்குதாரர்களுக்குச் சேரும் பங்கு மதிப்பு. கடனில் இருந்து ரொக்கம் போக மீதியை நிகரக் கடன் என்கிறார்கள். கணக்கு எளிது. எதைக் கடன் என்று சொல்வது என்பதில்தான் மூன்று மாதம் போனது.

கணக்காய்வுக் குழு வந்து ஆறு வாரம் எங்கள் ஏடுகளைப் புரட்டியது. அதன் பிறகு வந்த விலைப் பட்டியலின் கடைசி வரியில் 5.66 மில்லியன் என்று இருந்தது. அப்பா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். முதல் வரியிலேயே ஈபிட்டா 1.5 மில்லியனில் இருந்து 1.2 மில்லியனாகக் குறைந்திருந்தது. குறைந்த 3 லட்சமும் தொழிற்சாலையின் வருட வாடகை. இதற்குக் காரணம் 2019 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த குத்தகைக் கணக்குத் தரம், எஃப்ஆர்எஸ் 116. அதன்படி வாடகை, வாடகைச் செலவாக லாப நட்டக் கணக்கில் வராது. மீதமிருக்கும் குத்தகைக் காலத்தின் வாடகையை இன்றைய மதிப்பில் ஒரு கடன் போலக் கணக்கிட்டு இருப்புநிலைக் குறிப்பில் வைப்பார்கள். லாப நட்டக் கணக்கில் அது தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிடும். இரண்டுமே ஈபிட்டாவுக்குக் கீழே வருபவை. அதனால் வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தாலும், ஈபிட்டா வாடகையே இல்லாதது போல உயர்ந்து தெரியும். சிறு நிறுவனங்களுக்கான தனிக் கணக்குத் தரத்தில் இந்த மாற்றம் இல்லை. எங்கள் வருமானம் 10 மில்லியனையும் ஆட்கள் 50 பேரையும் தாண்டியதால் அது எங்களுக்குப் பொருந்தவில்லை.

வாங்குபவர் சொன்னது இதுதான்: "நாங்கள் இதற்கு முன்பு வாங்கிய நிறுவனங்களுக்கு வாடகை போன பிறகு உள்ள லாபத்துக்குத்தான் 6 மடங்கு கொடுத்தோம். உங்களுக்கும் அதே." 6 × 1.2, அதாவது 7.2 மில்லியன்.

கோபம் வந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தபோது அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் குத்தகையில் மீதி 3 வருடம்தான். மூன்று வருட வாடகையின் இன்றைய மதிப்பு 830,000 வெள்ளி. வாடகையைக் கழிக்காத ஈபிட்டாவை 6-ஆல் பெருக்கினால், அந்த 3 லட்சத்துக்கு மட்டும் 1.8 மில்லியன் விலை ஏறும். கடனாகக் கழிவது 830,000தான். மூன்று வருடம் முடிந்ததும் மாவு அரைக்க இடம் வேண்டாமா? அப்போதும் யாரோ வாடகை கட்டத்தானே வேண்டும்? குத்தகைக் காலம் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரே மடங்கை இரண்டு விதமான ஈபிட்டாவுக்கும் போட முடியாது. 7.2 மில்லியனோடு அந்த 830,000 வெள்ளியைக் கூட்டி 1.5 மில்லியனால் வகுத்தால் சுமார் 5.35 வருகிறது. வாடகை கழிக்காத ஈபிட்டாவுக்கு அவர்கள் உண்மையில் தருவதாக நினைத்த மடங்கு அதுதான். முதல் கடிதத்தில் ஈபிட்டா என்றால் எது என்று நாங்கள் கேட்டு எழுதி வாங்காதது எங்களுக்குப் பெரிய இழப்பு. அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் இல்லாததால் மூன்று மாத நம்பிக்கை ஒரே நாளில் சரிந்தது.

சரி, 7.2 மில்லியனை ஏற்றுக்கொண்டேன். ஆனால் பட்டியலின் பாதியில் இன்னொரு வரி: குத்தகைப் பொறுப்பு, கழிக்க 830,000. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருப்புநிலைக் குறிப்பில் கடன் என்று இருந்த எல்லாவற்றையும் யாரோ அப்படியே கீழே இறக்கியிருக்கிறார்கள். வாடகை ஏற்கெனவே மேலே ஈபிட்டாவில் கழிந்துவிட்டது. அதே வாடகையைக் கடனாக இன்னொரு முறை கழித்தால் ஒரே செலவுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறோம்.

கணக்காளர் சொன்னார், "ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேளுங்க. இந்தச் செலவு ஈபிட்டாவுல கழிஞ்சுதா? கழிஞ்சிருந்தா கடன் பட்டியல்ல வரக்கூடாது. கழியலைன்னா வரணும்." அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வேன்களின் தவணைக் கடன் 160,000 வெள்ளியையும் நீக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். வேன் தவணை ஈபிட்டாவில் கழிவதே இல்லை. அது உண்மையான கடன், பட்டியலில்தான் இருக்க வேண்டும். உணவகங்கள் கொடுத்திருந்த 60,000 வெள்ளி முன்பணம் மட்டும் வேறு வகை. அதைக் கடன் என்று ஒரு வரியில் கழித்துவிட்டு, நடைமுறை மூலதனக் கணக்கிலும் பொறுப்பாகச் சேர்த்திருந்தார்கள். இரண்டில் ஓரிடத்தில்தான் வர வேண்டும் என்று எழுதினோம். பட்டியலில் இருந்து எடுத்தார்கள். குத்தகை வரியையும் ஒரு வாரம் கழித்து நீக்கினார்கள்.

நடைமுறை மூலதனம் என்பது சரக்கும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்த தொகையில் இருந்து, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்தது. கைமாறும் நாளில் ரொக்கம் எவ்வளவோ அவ்வளவும் எங்களுக்கு என்பதால், சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. தீபாவளிக்குப் பிறகு நவம்பர் 30-இல் கைமாற்றம். "உளுந்துக்காரருக்கு டிசம்பர்ல கொடுத்துக்கலாம். பேரங்காடிப் பணத்தை மட்டும் சீக்கிரம் வசூல் பண்ணிடு." அப்படிச் செய்தால் வங்கிக் கணக்கில் ரொக்கம் கூடும், உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் கடந்த 12 மாதச் சராசரி 6 லட்சம் வெள்ளியை இயல்பு அளவாக வைத்திருந்தார்கள். கைமாறும் நாளில் அதைவிடக் குறைந்தால் குறைந்த தொகை விலையில் கழியும். உளுந்துக்காரருக்குத் தராத ஒவ்வொரு வெள்ளியும் ரொக்கத்தில் கூடி, நடைமுறை மூலதனத்தில் குறைந்து, சமமாகிவிடும். தீபாவளிச் சரக்கு விற்றுத் தீர்ந்திருந்ததால் அன்று எங்கள் அளவு 420,000. ஆக 180,000 வெள்ளி கழிந்தது. ரொக்கம் 9 லட்சமாக நின்றதற்கும் அதுவேதான் காரணம்.

எங்கள் வீட்டில் அதிகம் வலித்தது அப்பாவின் கடன். 2020-இல் கடைகள் மூடியிருந்தபோது அரசாங்க ஆதரவில் வங்கிகள் கொடுத்த தற்காலிகக் கடன் வாங்கியிருந்தோம். அதில் 640,000 வெள்ளி மீதி. அது போதாமல் அப்பா தன் சேமிப்பில் இருந்து 250,000 வெள்ளி போட்டார். ஏட்டில் அது இயக்குநருக்குத் தர வேண்டிய தொகை. அதனால் கடன் பட்டியலில் வந்தது. கைமாறும் நாளில் அப்பாவுக்குத் திரும்பும், ஆனால் அதைக் கழித்த பிறகுதான் சித்தப்பாவின் 40 விழுக்காடு கணக்கிடப்படும். "அண்ணே, அதைத் தொழிலுக்குத்தானே போட்டீங்க? கடன்னு நீங்க ஒரு நாளும் சொல்லலையே" என்றார் சித்தப்பா. அவர் பங்கில் அது 1 லட்சம் வெள்ளி. ஏட்டில் கடன் என்று இருந்ததும் உண்மை, இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாததும் உண்மை. முடிவில் அப்பா தன் பங்கில் இருந்து 50,000 வெள்ளியைத் தம்பிக்குக் கொடுத்தார். அது ஒப்பந்தத்துக்கு வெளியே, அண்ணன் தம்பிக்குள் நடந்தது.

இன்னொன்று இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு. இங்கே தொழிற்சாலைக் குத்தகையில் பொதுவாக இந்த நிபந்தனை இருக்கும். போட்ட தடுப்பு, குளிர் அறை, வடிகால் எல்லாவற்றையும் பிரித்து வெறும் இடமாகத் திருப்பித் தர வேண்டும். அதற்கு 180,000 வெள்ளி கழித்திருந்தார்கள். இது எந்த வருட ஈபிட்டாவிலும் கழியாத செலவு. ஆகவே இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் மீதி 3 வருடம் அந்தத் தடுப்புகளையும் குளிர் அறையையும் பயன்படுத்தப் போவது அவர்கள், குத்தகையைப் புதுப்பிக்கும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. பாதியில் ஒத்துக்கொண்டோம், 90,000.

கடைசிப் பட்டியல் இப்படி வந்தது, மில்லியன் வெள்ளியில்:

```
நிறுவன மதிப்பு (6 × 1.2)        7.20
+ ரொக்கம்                      0.90
- வங்கிக் கடன்                  0.64
- வேன் தவணைக் கடன்             0.16
- கட்ட வேண்டிய வரி              0.14
- அப்பாவின் கடன்                0.25
- இடத்தைத் திருப்பும் செலவு      0.09
- நடைமுறை மூலதனக் குறைவு      0.18
= பங்கு மதிப்பு                  6.64
```

5.66 மில்லியனுக்கும் 6.64 மில்லியனுக்கும் உள்ள இடைவெளி 980,000 வெள்ளி. குத்தகை 830,000, முன்பணம் 60,000, இடச் செலவில் பாதி 90,000. மூன்றே வரிகள்.

கைமாறிய அன்று கொடுத்தது மதிப்பீட்டுத் தொகைதான். 60 நாள் கழித்து உண்மையான கணக்கை வைத்து மறுபடி பார்த்தார்கள். வரி 140,000 வெள்ளிக்குப் பதில் 152,000 என்று முடிந்தது. 12,000 வெள்ளியை 60-க்கு 40 என்று பிரித்துத் திருப்பிக் கட்டினோம். அந்த மாதமே சித்தப்பா உளுந்துக்காரரைப் பார்த்து, புதிய முதலாளிகளிடம் பாக்கி வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு வந்தார்.