ஊசிய எடுத்ததுக்கு அப்புறம் தான் கண்ணு ரத்தம் குடுத்தவர் மேல இருக்கணும்

ரத்ததான கேம்ப்புக்கு முதல் தடவையா வர்றவங்கள கண்டுபிடிக்க ஃபார்ம பாக்கவே வேண்டாம். உள்ள வந்ததும் அவங்க பார்வை நேரா கட்டில் பக்கம் போகும், அங்க படுத்திருக்கறவங்க கையில இருந்து டியூப் வழியா ரத்தம் இறங்கறத பாத்ததும் சட்டுனு வேற பக்கம் திரும்பிடும். நான் பிளட் பேங்க்ல டெக்னீஷியன், கேம்ப்னு வந்தா பெரும்பாலும் ஊசி போடற கட்டில் பக்கத்துல தான் என் வேலை. வர்றவங்க எல்லாரும் பயப்படறது அந்த ஊசிக்கு தான். ஆனா நான் பாத்த வரைக்கும் ஊசி உள்ள போற நேரத்த விட, எல்லாம் முடிஞ்சு "அப்பாடா"ன்னு எழுந்திரிக்கற நேரத்துல தான் நிறைய பேருக்கு தலை சுத்துது, அத புரிய வைக்க ஒரு தம்பியோட கதைய சொல்றேன்.

புதுசா வேலைக்கு சேந்த பையன், கூட வேலை பாக்கறவங்களோட ஒரு கூட்டமா வந்திருந்தாரு. மத்தவங்க சிரிச்சு பேசிட்டு இருக்க இவரு மட்டும் ஃபார்ம கையில வச்சுக்கிட்டு ஒரே பக்கத்த திரும்ப திரும்ப படிச்சிட்டு இருந்தாரு. எங்க கவுன்சிலர் அவர தனியா உக்கார வச்சு கேள்வி கேட்டாங்க. அந்த கேள்விங்க தனியா தான் கேக்கணும், ஏன்னா சாப்பிடற மாத்திரை, பழைய வியாதி, அந்தரங்கமான விஷயம் எல்லாம் அதுல வரும், பக்கத்துல நண்பன் உக்காந்திருந்தா யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. கூடவே கவுன்சிலர் இன்னொன்னும் கேட்டாங்க, "உங்களுக்கே குடுக்கணும்னு இருக்கா, இல்ல கூட வந்தவங்களுக்காக வந்தீங்களா? வேண்டாம்னா சொல்லுங்க, இன்னிக்கு எடுக்க முடியாதுன்னு நாங்களே சொல்லி அனுப்பிடறோம், காரணம் வெளிய யாருக்கும் தெரியாது." அவரு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "இல்ல, குடுக்கறேன், பயமா தான் இருக்கு ஆனா குடுக்கறேன்"னு சொன்னாராம். கட்டாயத்துல படுக்கறவரும் தானே முடிவு பண்ணி படுக்கறவரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க, அதனால அந்த கேள்விய நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன்.

அடுத்து விரல் நுனியில ஒரு சின்ன குத்து. நாங்க அன்னிக்கு ஹீமோகுளோபின் பாத்தது காப்பர் சல்பேட் முறையில, நீல கலர் கரைசல் இருக்கற பாட்டில்ல ஒரு சொட்டு ரத்தத்த மேல இருந்து விடுவோம். அந்த கரைசலோட அடர்த்திய 1.053ன்னு அளந்து வச்சிருப்பாங்க, ரத்தத்துல ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கு மேல இருந்தா அந்த சொட்டு அதவிட கனமா இருக்கும், நேரா கீழ இறங்கிடும், கம்மியா இருந்தா நடுவுலயே தயங்கி நிக்கும் இல்ல மேல வந்துடும். தம்பியோட சொட்டு உருண்டையா திரண்டு நேரா அடிக்கு போச்சு. அத அவரு குனிஞ்சு பாத்துட்டே இருந்தாரு, வந்ததுல இருந்து முதல் தடவையா முகத்துல பயம் இல்லாம ஒரு ஆர்வம் தெரிஞ்சுது.

ஆனா டாக்டர் பல்ஸ் பாத்தப்ப நிமிஷத்துக்கு 108. பயத்துல இப்படி ஏறும், அதுக்காக அப்படியே படுக்க வச்சிட முடியாது, கொஞ்ச நேரம் உக்கார வச்சு அரை லிட்டர் தண்ணி குடிக்க சொன்னோம். தண்ணிய சும்மா உபசாரத்துக்கு குடுக்கறதில்ல, மொத்தமா வேகமா குடிச்சா கொஞ்ச நேரத்துலயே ரத்தக்குழாய் எல்லாம் லேசா இறுகி பிரஷர் இறங்காம தாங்கும், அது ஒரு மணி நேரம் அளவுக்கு நிக்கும். அதனால காலையில வீட்டுல குடிச்சேன்னு சொன்னாலும் படுக்கறதுக்கு சற்று முன்னாடி திரும்ப குடிக்க வைப்போம். மறுபடி பாத்தப்ப பல்ஸ் 86, டாக்டர் கையெழுத்து போட்டாரு.

கட்டில்ல படுத்ததும் "அக்கா, ரொம்ப வலிக்குமா"ன்னு கேட்டாரு. நான் வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அது பொய், ஒரு தடவ பொய் சொல்லிட்டா அதுக்கப்புறம் நான் சொல்றது எதையும் அவரு நம்ப மாட்டாரு. "குத்தும்போது சுருக்குன்னு இருக்கும், ரெண்டு மூணு செகண்ட் எரியும், அப்புறம் ஊசி இருக்கறது தெரியும் ஆனா வலிக்காது, வலிச்சிட்டே இருந்தாலோ விரல் மரத்து போனாலோ உடனே சொல்லுங்க, தாங்கிக்க வேண்டாம்"னு சொன்னேன். தாங்கிக்க வேண்டாம்னு சொல்றது சும்மா ஆறுதலுக்கு இல்ல, கையில மின்சாரம் பாயற மாதிரி இழுத்தா ஊசி நரம்புகிட்ட பட்டிருக்குன்னு அர்த்தம், உடனே எடுத்தாகணும்.

ஊசி 16 கேஜ், ரத்த டெஸ்டுக்கு போடற ஊசிய விட பருமன். மெல்லிசா போட்டா ரத்தம் மெதுவா வரும், உறைய ஆரம்பிச்சிடும், அதனால தான் இந்த சைஸ். முழங்கை மடிப்ப கிருமிநாசினியால தேச்சு அது தானா காயற வரைக்கும் காத்திருந்தேன், ஈரத்தோட குத்தினா எரியவும் செய்யும் கிருமியும் சரியா சாகாது. முதல்ல வர்ற கொஞ்ச ரத்தம் பெரிய பைக்கு போகாது, பக்கத்துல இருக்கற சின்ன பைக்கு போகும், ஏன்னா தோல்ல ஒட்டியிருக்கற கிருமி வர்றதுன்னா அந்த முதல் ரத்தத்துல தான் வரும், டெஸ்டுக்கு வேண்டிய சாம்பிள அதுல இருந்தே எடுத்துக்கறோம். அப்புறம் தான் பெரிய பை. அது தட்டுல ஆடிட்டே இருக்கும், எடையும் பாத்துட்டே இருக்கும், உள்ள ஏற்கனவே இருக்கற உறைதல் தடுப்பு மருந்தோட ரத்தம் கலந்துட்டே இருக்கணும்னு தான் அந்த ஆட்டம்.

இங்க இருந்து என் வேலை பாதி பேச்சு தான். எங்க வேலை, எப்படி வந்தீங்க, எத்தன பேரு டீம்லன்னு எதையாவது கேட்டுட்டே இருப்பேன். பதில் என்னங்கறத விட பதில் எப்படி வருதுங்கறது தான் எனக்கு வேணும். பயத்துல படபடன்னு பேசறவங்கள பத்தி நான் கவலப்பட மாட்டேன், முழு வாக்கியமா பேசிட்டு இருந்தவரு "ம்", "ஆமா"ன்னு சுருங்கினா உடனே முகத்த பாப்பேன், உதடு வெளுக்குதா, மேலுதட்டுல வேர்வை துளிக்குதா, கொட்டாவி விடறாரான்னு. தூக்கம் வராம வர்ற கொட்டாவி எங்களுக்கு பெரிய எச்சரிக்கை. தம்பிக்கு கூடவே ஒரு வேலையும் குடுத்தேன், ரெண்டு காலையும் பின்னிக்கிட்டு தொடையையும் வயித்தையும் அஞ்சு செகண்ட் இறுக்கி பிடிச்சு விடுங்க, மூச்ச மட்டும் அடக்காதீங்கன்னு. தசை இறுகும்போது கால்ல தங்கற ரத்தம் மேல தள்ளப்படுது, மூளைக்கு போற ரத்தம் கொறையாது. ஏழெட்டு நிமிஷத்துல 450 மில்லி நிரம்பி மெஷின் சத்தம் போட்டுச்சு.

ஊசிய எடுத்து பஞ்ச வச்சு அழுத்தி, "கைய மடக்காதீங்க, நேரா தூக்கி பிடிங்க"ன்னு சொன்னேன். மடக்கினா குத்தின இடம் திரும்ப விரிஞ்சு தோலுக்கு அடியில ரத்தம் கசியும், மறுநாள் நீலமா கட்டிக்கும். தம்பி முகம் நல்லா மலர்ந்திடுச்சு, "இவ்ளோ தானா, இதுக்கா பயந்தேன்"னு சொல்லிட்டு எழுந்திரிக்க பாத்தாரு. நான் தோள பிடிச்சு நிறுத்தி, இன்னும் கொஞ்சம் படுங்கன்னு சொல்லிட்டு, அப்புறம் கட்டில் ஓரத்துல கால தொங்க போட்டு உக்கார வச்சேன். நண்பர் ஒருத்தரு வந்து தோள தட்டினாரு, இவரு சிரிச்சாரு, அடுத்து ஒரு கொட்டாவி, உடனே இன்னொன்னு.

"என்ன பண்ணுது?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா", ஆனா சத்தம் தூரத்துல இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. அப்படியே சாய்ச்சு படுக்க வச்சு காலுக்கு கீழ ரெண்டு தலையணைய வச்சோம், நெத்தியில ஈரத்துணி, மணிக்கட்டுல விரல வச்சா பல்ஸ் 50, கை சில்லுன்னு வேர்த்திருந்துச்சு.

சுத்தி நின்னவங்க "ரத்தம் நிறைய எடுத்துட்டாங்களா"ன்னு பதறினாங்க. அதுக்கான பதில் அந்த பல்ஸ்லயே இருக்கு. ரத்தம் நிறைய போயிருந்தா இதயம் ஈடு கட்ட வேகமா அடிக்கும், பல்ஸ் ஏறும். இங்க இறங்கியிருக்கு. பெரியவங்க உடம்புல அஞ்சு லிட்டர் மாதிரி ரத்தம் ஓடும், அதுல 450 மில்லி போனத படுத்திருக்கற உடம்பு சமாளிச்சுக்கும். நடந்தது வேற, மூளையில இருந்து இதயத்துக்கு போற வேகஸ் நரம்பு திடீர்னு இதயத்த மெதுவாக்கிடுது, அதே நேரத்துல ரத்தக்குழாயும் தளர்ந்து ரத்தம் கால் பக்கம் தங்கிடுது. பயம் இருந்த வரைக்கும் அந்த படபடப்பு பிரஷர தூக்கி பிடிச்சிட்டு இருந்திருக்கும், நிம்மதியானதும் அந்த பிடி விட்டுப்போச்சு, அதே நேரத்துல எழுந்து உக்கார்ந்ததும் சேந்துக்குச்சுன்னு தான் எனக்கு தோணுது. கூட்டத்த விலக்கிட்டேன், காத்துக்காக மட்டும் இல்ல, ஒருத்தர் சாயறத பாத்தா பக்கத்து கட்டில்ல இருக்கறவருக்கும் அதே வர்றது சகஜம்.

சில நிமிஷத்துல உதட்டுல கலர் வந்துச்சு, பல்ஸ் 68. கண்ண தொறந்ததும் அவரு கேட்டது, "நான் மயங்கிட்டதால என் ரத்தம் வீணாகிடுமா?" இல்லைன்னு பையோட லேபிள காட்டினேன். பாதியில நிறுத்தியிருந்தா தான் பிரச்சனை, 450 மில்லிக்குன்னு அளந்து 63 மில்லி உறைதல் தடுப்பு மருந்து உள்ள வச்சிருப்பாங்க, ரத்தம் ரொம்ப கம்மியா சேந்தா மருந்து அளவு மீறிடும், அந்த பை பெரும்பாலும் பயன்படாது. இவரோடது முழுசா நிரம்பினது, டெஸ்ட் எல்லாம் சரியா வந்தா சிவப்பணு தனியா, பிளாஸ்மா தனியா பிரிச்சு வெவ்வேற ஆளுக்கு போகும்.

அவர உடனே அனுப்பல. ஜூஸ் குடுத்து அரை மணி நேரம் உக்கார வச்சு, பிரஷர உக்காந்தும் நின்னும் பாத்து, அப்புறம் தான் விட்டோம், அதுவும் வண்டி ஓட்டாம இன்னொருத்தர் கூட. ஒரு தடவ மயங்கினவருக்கு சில மணி நேரம் கழிச்சு வழியில கூட திரும்ப வரலாம், அது தான் நிஜமாவே ஆபத்து, கீழ விழுந்து தலையில அடிபடறது தான் மயக்கத்த விட மோசம். தலை லேசா சுத்தற மாதிரி இருந்தாலே நிக்கற இடத்துல உக்காந்துடுங்க, வெக்கப்படாதீங்க, கனமான எதையும் அந்த கையால இன்னிக்கு தூக்காதீங்க, தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஃபோன் பண்ணி கேட்டோம், மயங்கினவங்கள அப்படி கூப்பிட்டு கேக்கறது எங்க வழக்கம். நல்லா இருக்கேன், முழங்கைகிட்ட லேசா நீலமா இருக்குன்னாரு, வீக்கம் பெருசாகுதா, விரல் மரத்து போகுதான்னு கேட்டதுக்கு ரெண்டும் இல்லைன்னாரு, அப்போ அது பச்சையாகி மஞ்சளாகி தானா மறைஞ்சிடும்னு சொன்னேன். "மறுபடி குடுக்கலாமாக்கா?"ன்னு அவரே கேட்டாரு. குடுக்கலாம், இடைவெளி முடிஞ்சதும் வாங்க, ஆனா போன தடவ மயக்கம் வந்துச்சுன்னு ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்லயே சொல்லிடுங்க, ஊசிய எடுத்ததுக்கு அப்புறம் உங்கள அதிக நேரம் படுக்க வச்சு பாத்துக்குவாங்கன்னு சொல்லி, ரெஜிஸ்டர்ல அவரு பேருக்கு நேரா அதையும் எழுதி வச்சேன்.