வெளியேறும் நேரம் விடுபட்டால் 8 மணி நேரம்: நிகழ்ச்சிக் குழுவின் ஷிப்ட் கணக்கு

நிகழ்ச்சி வேலைக்கு ஷிப்ட் கணக்கில் ஆள் எடுப்பவர்கள் நேரப் பதிவை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ வைத்துக்கொண்டால் போதும், தனிச் செயலி தேவையில்லை. ஆனால் நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்தான் இந்தக் கணக்கைக் கெடுக்கும். மேடை போடுவது மாலையில், பிரிப்பது நள்ளிரவுக்குப் பிறகு என்றால் முடிந்த நேரம் தொடங்கிய நேரத்தைவிடச் சின்ன எண்ணாக இருக்கும். நேராகக் கழித்தால் மைனஸ் வரும். எக்செல்லில் அந்தக் கட்டம் முழுக்க ##### என்று நிற்கும்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு MOD. கழித்து வரும் விடையை ஒரு நாளுக்குள் மடித்துக் கொடுக்கும். 16:00-க்கு வந்து 01:30-க்குப் போனவருக்கு 9 மணி 30 நிமிடம் என்று சரியாகச் சொல்லும். அதோடு விட்டுவிட்டால்தான் ஆபத்து. வெளியேறும் நேரத்தைப் பதிய மறந்தவரின் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டம் ஷீட்டுக்குப் பூஜ்யம், பூஜ்யம் என்றால் நள்ளிரவு 00:00. 16:00-லிருந்து நள்ளிரவு வரை சரியாக 8 மணி நேரம். அதாவது முழு ஷிப்ட். எங்கும் சிவப்பு இல்லை, பிழை இல்லை. பணம் கொடுக்கும் நாளில் யாருக்கும் சந்தேகம் வராது. உண்மையில் அவர் 01:30 வரை நின்றிருந்தால் கூடுதல் நேரக் கூலி அவருக்குக் கிடைக்காமல் போய்விடும். 19:00-க்கே கிளம்பியவராக இருந்தால் நமக்கு நஷ்டம்.

இடைவேளையிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. 20:10-க்கு இடைவேளைக்குப் போனதைப் பதிந்து, திரும்பியதைப் பதியாதவருக்கு 3 மணி 50 நிமிடம் கழிந்துவிடும். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வகைப் பிழையில் கூடுதலாக வாங்கியவர் வாய் திறக்க மாட்டார். இதில் குறைந்தவர் உடனே வந்து நிற்பார்.

ஆகவே சூத்திரம் எழுதும்போதே, பதிவு முழுமையாக இல்லாத வரி விடை கொடுக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். A-யில் ஷிப்ட் தொடங்கிய தேதி, B-யில் பெயர், C-யில் உள்ளே வந்த நேரம், D-யில் வெளியே போன நேரம், E-யிலும் F-இலும் இடைவேளைக்குப் போனதும் திரும்பியதும். G இடைவேளை நிமிடம், H வேலை நிமிடம், I கூடுதல் நிமிடம், J கூலி.

```
G2: =IF(COUNT(E2:F2)=0,0,IF(COUNT(E2:F2)=1,NA(),ROUND(MOD(F2-E2,1)*1440,0)))
H2: =IF(COUNT(C2:D2)<2,NA(),ROUND(MOD(D2-C2,1)*1440,0)-G2)
I2: =FLOOR(MAX(0,H2-480),30)
J2: =800+I2*100/60
```

ஒரு பதிவு விடுபட்டாலும் அந்த வரியில் #N/A நிற்கும். கீழே SUM போட்டிருந்தால் மொத்தமும் #N/A ஆகிவிடும். இது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டுமென்றே வைத்தது. அந்த ஒரு வரியைச் சரிசெய்யாமல் யாருக்கும் பணம் போகாது. இதை IFERROR போட்டு மறைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். மறைத்தால் பழைய கதைக்கே திரும்பிவிடுவோம்.

1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள். மணியாக இல்லாமல் முழு நிமிடமாக மாற்றி ROUND போடுவதற்குக் காரணம் உண்டு. ஷீட் நேரத்தை நாளின் பின்னமாகத்தான் வைத்திருக்கிறது. 510 நிமிடம் என்று நாம் நினைப்பது உள்ளே 509.9999 என்று இருந்தால், FLOOR ஈவிரக்கமில்லாமல் 30 நிமிடக் கூலியை வெட்டிவிடும்.

ஒரு வரியைப் போட்டுப் பார்ப்போம். ஷிப்ட் என்பது இடைவேளை போக 8 மணி நேர வேலை, கூலி 800, அதற்கு மேல் மணிக்கு 100, கூடுதல் நேரம் முழு அரை மணியாகத்தான் எண்ணப்படும் என்று பேசியிருக்கிறோம். வந்தது 16:00, போனது 01:30, இடைவேளை 20:10 முதல் 20:50 வரை. மொத்தம் 570 நிமிடம், இடைவேளை 40, வேலை 530. 480-ஐத் தாண்டியது 50 நிமிடம். அதில் முழு அரை மணி ஒன்றுதான், எனவே 30 நிமிடத்துக்கு 50. ஆக 850. இடைவேளையும் ஷிப்டுக்குள் அடக்கம் என்று பேசியிருந்தால் கூடுதல் 90 நிமிடம் ஆகி 950 வரும். இந்த 100 வித்தியாசத்தை ஆளெடுக்கும்போதே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சம்பள நாளில் பேச உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஊதியத்தோடு கூடிய இடைவேளை சட்டப்படி கட்டாயமான இடங்களில் அதைக் கழிக்கும் பேச்சுக்கே இடமில்லை. கவனிக்க: J சூத்திரம் எட்டு மணி ஆகாவிட்டாலும் 800 கொடுக்கும். நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்ததற்கு ஆள் பொறுப்பில்லை என்பதால் அப்படி. பாதியில் கிளம்பியவர் வரியை மட்டும் கையால் பார்க்க வேண்டும்.

COUNT பிடிக்காத பிழை ஒன்று உண்டு: 8:30 என்பதற்குப் பதில் 8.30 என்று புள்ளி வைத்து அடிப்பது. அது ஷீட்டுக்கு எட்டே கால் நாளுக்கு மேல். நேர வடிவில் உள்ள கட்டத்தில் 7:12 என்று தெரியும். அடித்தவர் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. 17:00-க்குப் போனவருக்கு எட்டரை மணிக்குப் பதில் 9 மணி 48 நிமிடம் கிடைக்கும். C முதல் F வரை உள்ள கட்டங்களுக்குத் தரவுச் சரிபார்ப்பில் இந்த விதியை, மீறினால் நிராகரிக்கும்படி, போட்டால் 8.30 போலப் புள்ளி வைத்த எண்ணை ஏற்காது; 00:30-க்குப் பதில் 0.30 என்று அடித்தால் மட்டும் தப்பிவிடும்:

```
=AND(C2>=0,C2<1)
```

இனி வாசலில் நடப்பது. நாற்பது பேர் ஒரே கைபேசியில் ஆளுக்கு 30 விநாடி எடுத்துப் பதிந்தால் கடைசி ஆளுக்கு 20 நிமிடம் ஆகும். சரியான நேரத்துக்கு வந்து வரிசையில் நின்றவர் தாமதமாக வந்ததாகத் தெரிவார். வரச் சொன்ன நேரத்தில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் அந்த நேரத்தையே C-யில் போட்டுவிடுவது நியாயம். தாமதமாக வந்தவர்களை மட்டும் தனியே குறித்தால் வேலையும் குறையும்.

போகும்போது பதிய மறப்பதுதான் அதிகம். பிரிக்கும் வேலை முடிந்து ஆட்கள் சிதறிப் போவார்கள். தலைக்கவசம், கையுறை, வாக்கி டாக்கி இவற்றைத் திருப்பிக் கொடுக்கும் மேசையிலேயே வெளியேறும் பதிவையும் வைத்தால் மறதி பெரிதும் குறையும். விடுபட்டாலும் பொருள் வாங்கிய கையெழுத்தில் நேரம் இருக்கும். #N/A வரியை அதை வைத்து நிரப்பலாம். நிரப்பும்போது பக்கத்துக் கட்டத்தில் யார், எதைப் பார்த்து, என்றைக்குத் திருத்தினார் என்று எழுத வேண்டும். மறுநாளே அந்த வரியை ஆளுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து எப்போது கிளம்பினார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

ஒரே தேதியில் ஒருவர் இரண்டு ஷிப்ட் பார்த்தால் இரண்டு வரி. இடைவேளை இரண்டு என்றால் E, F போதாது; இன்னொரு ஜோடிக் கட்டம் சேர்த்து G-யில் கூட்ட வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டும் வேலைக்கு MOD உதவாது, தேதியும் நேரமும் சேர்த்தே ஒரே கட்டத்தில் பதிந்து நேராகக் கழிக்க வேண்டும். அப்போது மேலே சொன்ன சரிபார்ப்பு விதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பதிவையும் ஷீட் உள்ளே விடாது.