ஒரே கொடி, நான்கு துண்டு: ஒரு டம்ளரில் வேர், இன்னொன்றில் அழுகல்

மணி பிளான்ட் கொடி ஒன்றை நான்காக நறுக்கி, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் இரண்டிரண்டாகப் போட்டு வைத்தேன். இரண்டும் ஒரே ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தன, நேர் வெயில் படாமல்.

முதல் டம்ளரில் தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றியிருந்தேன். ஒரு துண்டின் கீழ் இலை முழுக்க மூழ்கிக் கிடந்தது. நான்காம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கியது. ஆறாம் நாள் தண்டை எடுத்து விரலால் அழுத்தினால் நுனி கொழகொழவென்று நசுங்கி, தோல் தனியாக உரிந்து வந்தது. முகர்ந்தால் நாற்றம். மூழ்கிய இலைதான் முதலில் அழுகியிருக்கிறது. அதைத் தின்று பெருகிய பாக்டீரியா தண்ணீரில் இருந்த கொஞ்ச ஆக்ஸிஜனையும் காலி பண்ணிவிட்டு, வெட்டுவாய் வழியாகத் தண்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. வேர் விடவும் காற்று வேண்டும். தேங்கிய தண்ணீரில், அதுவும் சூடேறிய தண்ணீரில், காற்று குறைவாகத்தான் கரைந்திருக்கும்.

இரண்டாவது டம்ளரில் தண்ணீர் மூன்று விரல் உயரம்தான். இலை எதுவும் நனையவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, டம்ளரின் உள்பக்க வழுவழுப்பையும் தேய்த்துக் கழுவினேன். இதில் ஒரு துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டியிருந்தேன். அந்தக் கணுவில் ஏற்கெனவே பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முண்டு இருந்தது. எட்டாம் நாள் அது வெடித்து, வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அந்த வெண்மையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதினைந்தாம் நாள் இரண்டு சென்டிமீட்டர் வேர்.

அதே டம்ளரின் இன்னொரு துண்டில் கணுவே தண்ணீருக்குள் இல்லை. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெறுந்தண்டு மட்டும் நனைந்தது. அது அழுகவும் இல்லை, வேரும் விடவில்லை. மூன்று வாரம் பச்சையாக அப்படியே நின்றது. இந்தக் கொடிக்கு வேர் கிளம்பும் இடம் கணுதான். அடுத்த கணு நனையும்படி இலையைக் கிள்ளிவிட்டு இறக்கி வைத்தேன். பத்து நாளில் முண்டு தடித்தது.

முதல் டம்ளரில் அழுகிய இரண்டில் ஒன்றைக் காப்பாற்றவும் முடிந்தது. கத்தியைக் கொதிநீரில் நனைத்து, பழுப்பு முடிந்து உள்ளே வெளிர்பச்சையாகத் தெரியும் வரை மேலே மேலே சீவினேன். மிஞ்சியது ஒரே ஒரு கணு. அரை நாள் காற்றில் வெட்டுவாய் உலர்ந்த பிறகு புதுத் தண்ணீரில் வைத்தேன். வேர் வர நான்கு வாரம் ஆனது. மற்றதில் ஒரு கணுகூட நல்லதாக இல்லை, எறிந்துவிட்டேன்.

வேர் நான்கு சென்டிமீட்டர் எட்டியதும், முதலில் வேர்விட்ட துண்டை மண்ணுக்கு மாற்றினேன். தண்ணீரில் வளர்ந்த வேர் தொட்டாலே ஒடியும், மண்ணிலிருந்து நீரை உறிஞ்சப் பழகியிருக்காது. அதனால் முதல் பத்து நாள் மண்ணைக் காயவிடவில்லை. ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. இப்போது நுனியில் புது இலை சுருளாக நிற்கிறது.