ஒரு பக்கம் மட்டும் வயசாகுமா?

என் நாத்தனார் கவிதாவுக்கு முகத்தில் இடப்பக்கம் மட்டும் வயசாகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். "மேடம், கொஞ்சம் திரும்பி நில்லுங்க, இந்தப் பக்கம் நிழல் விழுது" என்றார். அங்கே நிழலே இல்லை, கோடுதான் இருந்தது. அன்று ராத்திரியே ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு கிரீம் ஆர்டர் ஆகிவிட்டது.

தடவிய மறுநாள் காலையில் கண்ணுக்குப் பக்கத்திலிருந்த மெல்லிய கோடுகள் நிஜமாகவே மங்கியிருந்தன. "அண்ணி, பாத்தீங்களா!" என்று வீடே அதிர்ந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவினாள், கோடுகளும் திரும்பி வந்துவிட்டன. கன்னத்திலிருந்த நெடுக்குக் கோடு மட்டும் காலை, மாலை எதற்கும் அசையவில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். வயசு கம்மியான பையன். கிரீம் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்றார். இடப்பக்கம். சிரிக்கச் சொன்னார், கண்ணோரக் கோடுகள் விசிறி மாதிரி விரிந்தன. புருவத்தைத் தூக்கச் சொன்னார், நெற்றியில் குறுக்குக் கோடுகள் வந்தன. கன்னத்துக் கோடு எதிலும் கலந்துகொள்ளவில்லை. பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து மூக்குப் பக்கமாகத் தள்ளச் சொன்னார். அதே இடத்தில், அதே கோடு, ஆழமாக மடிந்தது. "இது தலகாணி போட்டது" என்றார்.

முகபாவனையால் வரும் கோடு தசை இழுக்கிற திசைக்குக் குறுக்கே விழுமாம். தூக்கத்தில் வருவது தசையைக் கேட்காமல் தோல் மடிகிற இடத்தில் விழும்: கன்னத்தில் நெடுக்காக, நெற்றியோரத்தில் சாய்வாக. அதனால்தான் தசையைத் தளர்த்துகிற ஊசியும் இதற்குப் பெரிதாக உதவாது. பட்டுத் தலையணை உரசலைக் குறைக்கும், தலையின் பாரத்தைக் குறைக்காது. மல்லாந்து படுப்பதுதான் வழி.

மல்லாந்து படுத்தாள். குறட்டை கிளம்பியது. அவள் வீட்டுக்காரர் தலையணையோடு ஹாலுக்குக் குடியேறினார். கூடவே நெஞ்செரிச்சலும் வந்தது, அவள் இடப்பக்கம் படுத்துப் பழகியதே அதற்காகத்தான். டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, "அப்ப இடப்பக்கமே படுங்க, வயிறு முக்கியம்" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

முதல் நாள் டாக்டரிடம் போனபோதே இன்னொரு கூத்தும் நடந்தது. டப்பாவில் செல்போன் வெளிச்சத்திலிருந்து பாதுகாப்பு என்று போட்டிருந்ததைக் காட்டினாள். ஜன்னல் வழியாக வருகிற வெயிலோடு பார்த்தால் போன் வெளிச்சம் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். அமெரிக்காவில் 28 வருஷம் வண்டி ஓட்டிய ஒரு டிரைவரின் படத்தைக் காட்டினார், 2012-ல் மருத்துவ இதழில் வந்ததாம். கண்ணாடி ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, சுருங்கி, தொங்கிப்போயிருந்தது. கண்ணாடி தாண்டி வருகிற புற ஊதாக் கதிரின் வேலை. கவிதா அந்தப் படத்தைப் பார்த்துச் சற்று ஆறுதலடைந்தாள்.

பிறகு டாக்டர் சீட்டை நீட்டினார். அவள் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, புருவத்தை நெரித்து வாசித்தாள்.

"வயசு என்னம்மா?"

"நாப்பத்தி நாலு."

"முதல்ல கண்ணாடி போடுங்க. புருவத்துக்கு நடுவுல இருக்கிற கோட்டுக்குக் காரணம் போன் இல்ல, போன முறைச்சுப் பாக்கறதுதான்."

அப்படியானால் கிரீம்? அதிலிருந்த கிளிசரினும் ஹயலூரானிக் அமிலமும் மேல்தோலில் தண்ணீரைப் பிடித்துவைத்து உப்ப வைக்கும், வறட்சியால் தெரிகிற கோடு மங்கும், தண்ணீர் போனால் பழையபடிதான். டப்பாவில் தங்க எழுத்தில் இருந்த கொலாஜன் தோலுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு, மேலேயே உட்கார்ந்து ஈரம் காக்கும். அந்த வேலையைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும்.

அவர் எழுதிக் கொடுத்தது டிரெடினாயின் என்கிற களிம்பு. பட்டாணி அளவு, காய்ந்த முகத்தில், முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி மட்டும். பகலில் சன்ஸ்கிரீன். கர்ப்பமாக இருந்தால் கூடாது. மெல்லிய கோடு குறைவது தெரியவே மூன்றிலிருந்து ஆறு மாசம் ஆகும், முதல் சில வாரம் தோல் சிவந்து உரியும், ஆழமான மடிப்பு போகாது. தலையணைக் கோட்டுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மருந்துக்கடையில் டியூபை வாங்கி விலையைப் பார்த்தவளுக்கு முகமே வாடிவிட்டது. "இவ்வளவு கம்மியா இருக்கே, இது எப்படி அண்ணி கேக்கும்?"