முதல் நிமிடத்துக்கு 90 சொற்கள்

எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் எடுத்த டீச்சர் ஓய்வுபெற்று கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார். வாரம் ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி பாட்காஸ்டில் பேசலாம் என்று அவருக்கு ஆசை. குரல் அவருடையது. ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுவது, ஸ்கிரிப்ட் எல்லாம் என் பொறுப்பு. இருபது நிமிட நிகழ்ச்சியில் பத்தொன்பது நிமிடம் சுலபமாக வந்துவிட்டது. குறிப்பை முன்னால் வைத்தால் அவர் பாட்டுக்குப் பேசுவார். எழுதிவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது அந்த முதல் நிமிடம்தான்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதை முதலில் முடிவு செய்தோம். நிமிடத்துக்கு 150 சொல் என்று எங்கும் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். அதனால் டீச்சரிடம் ஒரு வாரப் பத்திரிகையைக் கொடுத்து, நிதானமாகப் படிக்கச் சொல்லி, போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன். 105 வந்தது. மூச்சு விட, இசை மங்க, ஒரு வரிக்குப் பின் கேட்பவர் மனதில் அது இறங்க இடம் வேண்டும். ஆகவே 90 சொல்லை ஒட்டி முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் அவரவர் குரலில் இப்படி அளந்துகொள்வது நல்லது. வேகமாகப் பேசுகிறவருக்கு 120 வரைகூடப் போகலாம்.

அடுத்தது வரிசை. வணக்கம், என் பெயர் இது, நிகழ்ச்சியின் பெயர் இது, நோக்கம் இது என்று தொடங்குவதுதான் வழக்கம். கேட்பவர் பஸ்ஸிலோ அடுப்படியிலோ இருப்பார். நம்மை அவருக்குத் தெரியாது. தெரியாதவரின் பெயருக்காக அரை நிமிடம் யார் காத்திருப்பார்கள்? ஆனால் ஒரு கதையின் முடிச்சைப் போட்டுவிட்டால் காத்திருப்பார்கள். அதனால் முதல் பதினைந்து இருபது நொடி புத்தகத்துக்கே என்றேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏங்கண்ணு, வாசல்ல நின்னு ஒரு வணக்கஞ் சொல்லாம நேரா ஊட்டுக்குள்ள பூந்து கதை பேசுவாங்களா?”

“வணக்கம் இருக்குதுங்க டீச்சர். கதைக்கு அடுத்த வரியில வருது.”

“அதெப்படி, மருவாதியில்லாம இருக்குமே.”

இரண்டு விதமாகவும் பதிவு செய்து அவரையே கேட்க வைத்தேன். கதை முன்னால் வந்ததைக் கேட்டுவிட்டு, “சரி, இப்படியே இருக்கட்டும். ஆனா வணக்கம்னு மொட்டையாச் சொல்ல மாட்டேன், வணக்கமுங்கன்னுதான் சொல்லுவேன்” என்றார். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும். ‘கொங்கு மண்ணிலிருந்து’ என்று நான் எழுதிவைத்திருந்த வரி தேவையில்லாமல் போயிற்று.

மொழிநடைதான் ரொம்ப நேரம் பிடித்தது. ‘இருக்கின்றது’, ‘பார்க்கவிருக்கிறோம்’ என்று எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தால் டீச்சர் அதை வகுப்புக் குரலில் படிப்பார். கொடுத்த தாளில் உள்ளதை உள்ளபடி படிக்கிற பழக்கம் அவருக்கு. அதனால் அவர் பேசுகிற மாதிரியே, ‘புஸ்தகம்’, ‘கொறையில்ல’ என்று எழுதினேன். பார்ப்பதற்கு எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், காதுக்குச் சரியாக இருக்கும். அதற்காகக் கொங்குப் பேச்சை வலிய அள்ளித் தெளிக்கவும் கூடாது. அவர் வாயில் இயல்பாக வராத எதையும் அவரே அடித்துவிட்டார்.

ஆண்டு எண்ணும் ஒரு தொல்லை. முதல் புத்தகமாக ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை எடுத்தோம். வெளிவந்தது 1942. தாளில் நான்கு இலக்கம். வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு’ என்று வரும்போது மூன்று நொடி போய்விடுகிறது, கேட்பவருக்கும் மனதில் நிற்பதில்லை. ‘எம்பது வருசத்துக்கு முந்தி’ என்றால் போதும். சரியான ஆண்டைப் பின்னால், நாவலைப் பற்றிப் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் நின்ற வடிவம் இது:

“புருசன் இல்லாத ஒருத்தி. கொழுந்தன் குடும்பத்தோட ஒரே வீட்டுல இருக்கறா. வேலைக்கும் கொறையில்ல, சோத்துக்கும் கொறையில்ல. ஒரு நாள் அவ மனசுல ஒண்ணு விழுகுது. நெலத்துல எம்பங்கு எங்க? அந்த ஒரு கேள்வி அந்தக் குடும்பத்த என்ன பண்ணுச்சுங்கறதுதான் இன்னிக்கு நம்ம புஸ்தகம்.

வணக்கமுங்க. நான் (இங்கே டீச்சர் பெயர்). கோபியில முப்பது வருசம் தமிழ் சொல்லிக் குடுத்தவ. இப்ப பரீட்சைக்கு இல்லாம படிக்கறேன்.

வாரம் ஒரு புஸ்தகம். ஞாயித்துக்கெழம காலைல, இருவது நிமிசம். மொதல்ல கதை எங்க நடக்குது, யாரு எழுதுனாங்கன்னு சொல்லுவேன். அப்புறம் புடிச்ச எடத்துல ரெண்டு வரி படிச்சுக் காட்டுவேன். கடைசில எனக்குப் புடிச்சுதா இல்லையான்னு ஒளிக்காமச் சொல்லுவேன். முடிவ மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆர். சண்முகசுந்தரம் எழுதுன ‘நாகம்மாள்’. எம்பது வருசத்துக்கு முந்தி நம்மூருப் பேச்சோட வந்த நாவல். வாங்க, உள்ள போலாம்.”

புத்தகத்தின் பெயர் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. தலைப்பில் எப்படியும் அது எழுத்தில் இருக்கும், அதனால் பாதகமில்லை. மூன்றாவது பத்தியில் உள்ளதெல்லாம் வாக்குறுதி என்பதால் அதில்தான் அதிகம் யோசித்தோம். எழுதியவரைப் பேட்டி எடுப்போம், கேட்பவர் கடிதங்களைப் படிப்போம் என்றெல்லாம் முதலில் யோசனை இருந்தது. வாராவாரம் செய்ய முடியாததைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். ‘ஒளிக்காமச் சொல்லுவேன்’ டீச்சர் கேட்டுச் சேர்த்தது. எல்லாப் புத்தகத்தையும் பாராட்டுகிற விமர்சனத்தை அவர் விமர்சனமாகவே மதிப்பதில்லை. முடிவைச் சொல்லாததும் எளிதல்ல. இந்த நாவலில் பேச வேண்டிய பாதி விஷயம் முடிவில்தான் இருக்கிறது.

பதிவு செய்தது படுக்கையறையில், மெத்தையும் போர்வையும் எதிரொலியைக் குறைக்கும் என்பதால். காற்றாடி நிறுத்தம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ‘புருசன்’, ‘புஸ்தகம்’ என்று ‘பு’ வரும் இடமெல்லாம் காற்று மோதி டப்பென்று கேட்கும். எங்கள் ஸ்கிரிப்டின் முதல் சொல்லே அதுதான்! தாளில் மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டோம். ‘எம்பங்கு எங்க’வுக்குப் பிறகு இரட்டைக் கோடு, அதாவது மனதுக்குள் இரண்டு எண்ணும் வரை நிறுத்தம். தோட்டத்து மயில்களுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் பலிக்கவில்லை. அவை அகவி முடிக்கும் வரை காத்திருந்து அந்த வரியை முதலிலிருந்து சொல்ல வேண்டியதுதான்.

இசைக்குச் சினிமாப் பின்னணி எதுவும் வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும் என்று, எனக்குத் தெரிந்த பையன் ஒருவனைக் கொஞ்சம் புல்லாங்குழல் வாசிக்கச் சொல்லி வாங்கினேன். குரல் தொடங்கியதும் இசையைக் குரலைவிட 20 டெசிபல் அளவுக்குத் தாழ்த்தி, ‘வணக்கமுங்க’ வருவதற்குள் முழுக்க மங்கவிட்டேன். பேச்சுக்கு அடியில் அதற்கு மேல் ஓடவிட்டால், போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்குச் சொல்லின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அறிமுகத்தை ஒரு முறை பதிந்துவைத்து ஒட்டிவிடலாமா என்று பார்த்தோம். குரலின் சூடு அன்றன்றைக்கு வேறு, ஒட்டின இடம் காதில் தட்டியது. அதனால் ஒவ்வொரு வாரமும் புதிதாகவே சொல்கிறார், சுருக்கமாக. அந்தந்த வாரக் கதையின் முடிச்சு முன்னால் அப்படியே இருக்கும். அதற்குப் பின், “வணக்கமுங்க, நான் (பெயர்). வாரம் ஒரு புஸ்தகம், முடிவு மட்டும் சொல்ல மாட்டேன்” என்று முடித்துவிட்டு நேராகப் புத்தகத்துக்குப் போய்விடுகிறார். நிமிடத்தில் பாதி மிச்சமாகிறது. அதை இன்னும் இரண்டு வரி படித்துக் காட்ட எடுத்துக்கொள்கிறார்.